பாத்ரூம் மிதியைத் திருப்பிப் பாருங்கள்: எது மெஷினுக்குப் போகும், எது போகாது

"அக்கா, நாங்கள் திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். போன கிழமை பாத்ரூம் மிதியை மெஷினில் போட்டேன். ஸ்பின் வந்ததும் மெஷின் துள்ளத் தொடங்கிவிட்டது, பயந்து நிப்பாட்டிவிட்டேன். கூடப் போட்ட உடுப்பெல்லாம் வெள்ளைத் துகள். கழுவிக் காயவைத்தாலும் இரண்டு நாளில் அந்த மிதி நாறுகிறது. வாசலில் தும்பு மிதி ஒன்றும், குசினியில் துணி மிதி ஒன்றும் இருக்கின்றன. எதை மெஷினில் போடலாம், எப்படிக் காயவைக்கிறது? மெஷின் 7 கிலோ டொப் லோட். கிணற்றுத் தண்ணீர்தான்."

தங்கச்சி, துள்ளின உடனே நிப்பாட்டினீர்களே, நல்ல வேலை செய்தீர்கள். அந்த மிதியை இனி ஸ்பின்னில் போடவே வேண்டாம். போட்டால் ஏன் துள்ளுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டு மிதிகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

மிதியின் மேல்பக்கம் பஞ்சா, நூலா, என்ன நிறம் என்பதெல்லாம் மெஷினுக்கு இரண்டாம் பட்சம். முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மிதியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலே வரும்படி இரண்டு கையாலும் தூக்கி, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும்படி பிடியுங்கள். இன்னொருவரை அதில் அரைக் கிளாஸ் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் உள்ளே இறங்கிக் கீழே சொட்டத் தொடங்கினால் அந்த மிதி மெஷினுக்குப் போகலாம். கிண்ணத்தில் நிற்பதுபோலத் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றால் அது ஸ்பின்னுக்குப் போகக் கூடாது. நான் பார்க்கிற சோதனை இது ஒன்றுதான். லேபிளில் மெஷினில் போடலாம் என்று இருந்தாலும் இதைச் செய்துதான் போடுவேன்.

காரணம் இதுதான். ஸ்பின் ஓடும்போது தொட்டி சுற்றுகிற வேகத்தில் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், துணியில் உள்ள தண்ணீர் தொட்டிச் சுவரிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போகும். றப்பர் அடி போட்ட மிதி சுவரில் போய் ஒட்டினால் அந்த ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. பஞ்சுக்குள் இருக்கிற தண்ணீருக்குப் போக வழியில்லை. மிதி பை மாதிரி வளைந்து ஒரு பக்கமாக ஒரு லிட்டர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். சாதாரண டொப் லோட் மெஷின் ஸ்பின்னில் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் ஓடும். அந்த வேகத்தில், தொட்டியின் ஓரத்தில் இருக்கிற அந்த ஒரு லிட்டர், நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரி இழுக்கும். மெஷின் துள்ளினது அதனால்தான். அந்தத் தண்ணீர் திடீரென்று ஒரு பக்கத்தால் வெளியேறினால் நிலைமை இன்னும் மோசம். தொட்டியைத் தாங்கியிருக்கிற தண்டுகள் கழன்றுவிடலாம், மூடி உடையலாம். பல டொப் லோட் மெஷின்களின் கையேட்டில் நீர்புகாத விரிப்பு, மழைக்கோட்டு போன்றவற்றை ஸ்பின்னில் போட வேண்டாம் என்று தனியாக எச்சரிக்கை இருக்கும். உங்கள் மெஷினின் கையேட்டை எடுத்துப் பாருங்கள்.

நான் நிலாவெளி வீதியில் விடுதிகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறேன். தொடங்கிய முதல் வருடம் ஒரு விடுதியில் இருந்து எட்டுப் பாத்ரூம் மிதிகள் வந்தன, எல்லாம் அடியில் தடித்த றப்பர். அவசரம் என்றார்கள், நான்கு நான்காகப் போட்டேன். இரண்டாம் தடவை ஸ்பின்னில் மெஷின் நின்ற இடத்தில் இருந்து ஒரு முழம் நகர்ந்து, பின்னால் இருந்த தண்ணீர்க் குழாயை இழுத்துப் பிடுங்கிவிட்டது. மூடியைத் திறந்தால், மிதிகளில் ஒன்று தண்ணீர் நிறைந்து கனத்துத் தொட்டியின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சும் றப்பரும் சேர்ந்த அந்தக் கனத்தை ஒரு கையால் தூக்க முடியவில்லை. அன்றுதான் அடிப்பக்கம் பார்க்கிற பழக்கம் வந்தது.

இனி அந்த வெள்ளைத் துகள். அது சவர்க்காரத்தூள் கரையாமல் ஒட்டினது இல்லை. உங்கள் மிதியின் றப்பர் உதிரத் தொடங்கிவிட்டது. மிதியின் மூலையை மடித்து, மடிப்பின் மேல் பெருவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். றப்பர் சும்மா வளைந்து கோடு மறைந்துவிட்டால் இன்னும் உயிர் இருக்கிறது. மடிப்பில் நுணுக்கமான வெடிப்புகள் தெரிந்தாலோ, நகத்தில் மாவு மாதிரி ஒட்டினாலோ, அல்லது பிசுபிசுவென்று இருந்தாலோ அதன் காலம் முடிந்தது. எந்தக் கழுவலும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. அந்த நிலையில் ஈரத் தரையில் அது வழுக்கவும் செய்யும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

றப்பரைச் சாகடிப்பவை சூடு, வெயில், ப்ளீச், எண்ணெய். நாங்கள் பாத்ரூம் கழுவுகிற ப்ளீச் தண்ணீரிலேயே மிதியையும் முக்கி எடுப்போம், பிறகு நடு மத்தியானம் சீமெந்துத் தரையில் றப்பர் பக்கம் மேலே தெரிய விரித்துவிடுவோம். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நல்ல மிதிகூட ஒரு வருடம் தாங்காது. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிற வீட்டில் மிதியில் எண்ணெய் இறங்குவதும் உண்டு. அதைத் தடுக்க முடியாது, ஆனால் கிழமைக்கு ஒரு தடவை கழுவினால் றப்பர் வரை போகாது.

உதிர்ந்த துகள் எங்கே போயிருக்கும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தொட்டியின் உள்சுவரில் பஞ்சு பிடிக்கிற வலைப்பை ஒன்றோ இரண்டோ இருக்கும். அதைக் கழற்றி, உள்புறத்தை வெளியே திருப்பி, குழாயின் கீழே பிடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு தொட்டியில் ஒன்றும் போடாமல் ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். தண்ணீர் வெளியேற வழமையைவிட நேரம் எடுத்தால் வெளிக் குழாயில் றப்பர் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், குழாயைக் கழற்றி வாளிக்குள் பிடித்துப் பாருங்கள்.

சரி, கழுவுகிற கதைக்கு வருவோம். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மிதி கழுவுவது தண்ணீரில் தொடங்குவதில்லை, மணலில் தொடங்குகிறது. ஈர மணல் நூலைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு உதறினாலும் போகாது. காய்ந்த மணல் தானாக விழும். அதனால் அழுக்கு மிதியை முதலில் காய விடுங்கள். காய்ந்தபின் மேல்பக்கம் கீழே பார்க்கும்படி கொடியில் போட்டு, முதுகில் ஒரு தடியாலோ பழைய செருப்பாலோ தட்டுங்கள். மேல்பக்கத்தில் தட்டினால் மணல் அடியை நோக்கி இறங்கும். முதுகில் தட்டினால் வெளியே வரும். மிதிக்குக் கீழே ஒரு பழைய பேப்பரை விரித்து வைத்தீர்கள் என்றால் எவ்வளவு கொட்டுகிறது என்பது தெரியும். பேப்பரில் புதிதாக மணல் விழாத வரைக்கும் தட்டுங்கள். இந்த மணல் மெஷினுக்குள் போனால் தண்ணீர் வெளியேற்றுகிற பம்பையும், தொட்டியின் அடியிலுள்ள றப்பர் வளையத்தையும் அரைத்துத் தின்னும். மெஷின் ஓடும்போது கரகரவென்று சத்தம் வருகிற வீடுகள் கடற்கரையோரம் நிறைய.

உங்கள் பாத்ரூம் மிதி நகச் சோதனையில் தேறினது என்று வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கழுவுவது என்று சொல்கிறேன். பெரிய பேசின் ஒன்றில் பத்து லிட்டர் அளவு தண்ணீர் எடுத்து, சலவைத்தூள் ஒரு மேசைக்கரண்டி மட்டம் தட்டிப் போட்டுக் கரையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கூடப் போட்டால் அலச அலச நுரை வரும், கடைசியில் நூலில் தங்குகிற சவர்க்காரம் அடுத்த நாளே அழுக்கைப் பிடிக்கும். சுடுதண்ணீர் தேவையில்லை, எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே இதமான சூட்டில்தான் வருகிறது. மிதியை மேல்பக்கம் கீழே இருக்கும்படி அமிழ்த்தி இருபது நிமிடம் விடுங்கள். இரவு முழுக்க ஊறப்போட்டால் றப்பரையும் துணியையும் ஒட்டியிருக்கிற பசை இளகும். இருபது நிமிடத்துக்குப் பிறகு தூக்கித் தரையில் போட்டு, மென்மையான பிரஷால் நூல் சாய்ந்திருக்கிற பக்கமாகவே தேயுங்கள். அடியில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம், சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் றப்பரில் இருந்து போகும். நூலுக்குள் போன கறுப்புப் புள்ளி மட்டும் போகாது.

நாற்றம் அதிகம் என்றால் ஊறவைக்கிற தண்ணீரில் சலவைத்தூளோடு அரைக் கோப்பை அப்பச்சோடா சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் குறையும். ஆனால் காயவைக்கிற முறை மாறாவிட்டால் அது திரும்ப வரும்.

இப்போது அலசல். நான் அதிகம் கவலைப்படுகிற இடம் இதுதான். கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள், கடற்கரைக்குக் கிட்ட என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். காலையில் நன்றாகக் காய்ந்து விறைத்துக் கிடந்த மிதி, ஒருவரும் குளிக்காமலே, பின்னேரம் தொட்டால் குளிர்ந்து ஈரமாக இருக்கிறதா? அப்படியென்றால் மிதிக்குள் உப்பு இருக்கிறது. சாதாரண உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றில் இருந்து தண்ணீரை இழுத்து நனைந்துவிடும். குசினியில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் கட்டிப்பட்டு நீர்விடுகிறதே, அதேதான். கடல் உப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்னமே ஈரம் இழுக்கத் தொடங்கும். கடலில் குளித்துவிட்டு வந்து மிதியில் ஏறுகிற கால், உவர்க் கிணற்றுத் தண்ணீர், ஜன்னலால் வருகிற கடற்காற்று, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை மிதிக்குள் சேர்க்கின்றன. அப்படிப்பட்ட மிதியை எத்தனை வெயிலில் போட்டாலும் இரவில் நனையும், நனைந்தால் நாறும்.

இதற்கு மருந்து ஒன்றுதான், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர். முதல் இரண்டு அலசலும் கிணற்றுத் தண்ணீரில் செய்யுங்கள், குறையில்லை. மூன்றாவதற்கு ஒரு வாளி குழாய்த் தண்ணீரோ, மாரியில் பீலியில் பிடித்த மழைத் தண்ணீரோ எடுத்து, மிதியை அதில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி, அழுத்தி அழுத்தி விடுங்கள். மேலால் ஊற்றினால் நூலின் நுனியைத்தான் கழுவும், வேருக்குப் போகாது. விடுதிகளில் இருந்து வருகிற மிதிகளுக்கு நான் இதைத்தான் செய்கிறேன், ஒரு மிதிக்கு ஒரு வாளி. தண்ணீர் செலவுதான், ஆனால் அதே மிதிகள் திரும்பத் திரும்ப நாற்றத்தோடு வருவது நின்றது.

கழுவியபின் முறுக்கிப் பிழிய வேண்டாம், முறுக்கினால் றப்பர் வெடிக்கும். மிதியைக் கொடியில் நீளவாட்டில் தொங்கவிட்டு அரை மணித்தியாலம் சொட்ட விடுங்கள். பிறகு காய்ந்த பழைய துவாய் ஒன்றை விரித்து, அதன்மேல் மிதியை நூல் பக்கம் கீழே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டுங்கள். சுருட்டினதன் மேல் ஏறி, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை குதிக்காலால் மிதித்துக்கொண்டே போங்கள். துவாய் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஸ்பின் செய்கிற வேலையில் பெரும் பங்கை இந்தத் துவாய் செய்துவிடும். ஸ்பின் இல்லாமல் எப்படிக் காயும் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இந்தத் துவாய்தான்.

காயவைக்கும்போது ஒற்றைக் கயிற்றில் மடித்துப் போடுகிற பழக்கத்தை விடுங்கள். மடிப்பில் றப்பர் வெடிக்கும், மடிப்புக்குள் இருக்கிற ஈரமும் அப்படியே இருக்கும். இரண்டு கயிறுகளை ஒரு சாண் இடைவெளியில் கட்டி, மிதியை இரண்டுக்கும் மேலாகக் கூரை மாதிரிப் போடுங்கள். நூல் பக்கம் வெளியே, றப்பர் பக்கம் உள்ளே. வெயில் நூலில் படும், றப்பர் நிழலில் இருக்கும், கீழால் காற்றுப் போகும். இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளின் முதுகுகளுக்குக் குறுக்கே போட்டாலும் சரி. சீமெந்துத் தரை வேண்டாம், எங்கள் ஊர் மத்தியான வெயிலில் அது காலை வைக்க முடியாத சூடு. கயிறு நைலோனாக இருக்கட்டும். கம்பிக் கொடி என்றால் கடற்காற்றில் ஒரு வருடத்தில் கறள் பிடித்து, மிதியில் மஞ்சள் கோடு போட்டுவிடும். அது சாதாரணக் கழுவலில் போகாது. உலோகக் கிளிப்பும் அப்படித்தான்.

கச்சான் வீசுகிற மாதங்களில், வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் என்று வையுங்கள், காலையில் போட்ட மிதி மூன்று நாலு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வறண்ட காற்று அப்படி வாங்கும். அந்த நாட்களில் பிரச்சினை தூசிதான், முற்றத்து மணல் பறந்து ஈர மிதியில் ஒட்டும். அதனால் காற்று வருகிற பக்கத்துக்குச் சுவர் இருக்கிற இடமாகப் பாருங்கள். காய்ந்தபின் ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே எடுங்கள்.

மாரியில்தான் கஷ்டம். ஐப்பசியில் இருந்து தை வரைக்கும் வாடைக்காற்று மழையோடு வரும். வெளிக்காற்றே ஈரத்தில் நனைந்திருக்கும்போது அதில் தொங்கவிட்டு என்ன பயன்? அப்போது றப்பர் மிதியைக் கழுவவே நான் விரும்புவதில்லை. கழுவத்தான் வேண்டும் என்றால் துவாயில் சுருட்டி மிதிக்கிறதை இரண்டு துவாயோடு இரண்டு தடவை செய்யுங்கள். பிறகு விறாந்தையில் கதிரைகள் மேல் போட்டு, நிலத்தில் வைக்கிற ஃபேனை அடிப்பக்கம் பார்க்கத் திருப்பி ஓட விடுங்கள். மேல்பக்கத்துக்கு மட்டும் காற்று அடித்தால் நூலின் நுனி காய்ந்து ஏமாற்றும். ஒரு இரவில் காயாவிட்டால் காலையில் புரட்டிப் போட்டு இன்னும் ஓட விடுங்கள். ஒரு நாளைத் தாண்டி ஈரமாகவே கிடக்கிற மிதியில் நாற்றம் தொடங்கிவிடும்.

காய்ந்ததா என்று பார்ப்பது நடுவில் இல்லை, கரையில். மிதியின் ஓரத்தை மடித்துத் தைத்திருப்பார்களே, அந்த இடம்தான் கடைசியாகக் காயும். அதை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, விரலை எடுத்தபின் புறங்கையை அதில் வையுங்கள். உள்ளங்கைக்குத் தெரியாத குளிர் புறங்கைக்குத் தெரியும். குளிர்ந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உங்கள் மிதி இரண்டு நாளில் நாறியதற்கு உப்பு ஒரு காரணம் என்றால், இந்தக் கரை மற்றக் காரணமாக இருக்கலாம். நடுப்பக்கம் காய்ந்துவிட்டது என்று எடுத்துத் தரையில் போட்டிருப்பீர்கள், கரையும் றப்பரும் சந்திக்கிற இடத்தில் ஈரம் அடைபட்டிருக்கும். அப்புறம், ஒவ்வொரு குளிப்புக்குப் பிறகும் மிதியைத் தரையில் விடாமல் வாளியின் விளிம்பிலோ கதவிலோ நிமிர்த்திப் போடுங்கள். அந்த ஒரு வேலையால் கழுவுகிற தடவைகளே குறையும்.

தும்பு மிதிக்கு வருவோம். அது மெஷினுக்கு எந்தக் காலத்திலும் இல்லை. தும்பு முறிந்து வலையை அடைக்கும், மீந்தது உடுப்புகளில் முள் மாதிரிக் குத்திக்கொண்டு வரும், கபில நிறச் சாயமும் இறங்கும். அதை நனைக்கவே அவசரப்படாதீர்கள். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு அடித்தெடுத்த நார்தான் தும்பு, உப்புத் தண்ணீரில் நின்றாலும் சீக்கிரத்தில் உக்காது. அதைக் கெடுப்பது அடியில் தேங்கி நிற்கிற ஈரம். இரண்டு நாளைக்கு ஒருமுறை தூக்கிக் கீழே உள்ள மணலைக் கூட்டிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை மதிலில் முகத்தை அடித்து உதறி, ஈர்க்குமாற்றால் ஒரு பக்கமாக இழுத்துக் கூட்டினால் போதும். சேறு ஒட்டினால் சேறு காயும் வரை விட்டுவிட்டு அடியுங்கள், ஈரச் சேற்றைத் தேய்த்தால் உள்ளே போய்விடும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் கச்சான் காலத்து ஒரு நல்ல வெயில் நாளில், குழாயால் வேகமாக அடித்துவிட்டு, விளிம்பில் நிற்கும்படி மதிலில் சாய்த்து வையுங்கள். ஓடுகிற தண்ணீர் முதலில் தேயிலைச் சாயம் மாதிரி இருக்கும், அதனால் மாபிள் பதித்த விறாந்தையில் இந்த வேலை வேண்டாம். முகம் ஒரு நாள், முதுகு ஒரு நாள் என்று திருப்பி வைத்தால் இரண்டு மூன்று நாளில் காயும். அடியில் பிளாஸ்டிக் ஒட்டின தும்பு மிதி என்றால் மாரி காலத்தில் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்துவிடுங்கள், கீழே ஈரம் அடைபடாது.

குசினியில் இருக்கிறது தையல் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத் துணியால் பின்னின மிதி என்று நினைக்கிறேன். இந்த மூன்றில் மெஷினுக்கு உரியது அதுதான். அரைக் கிளாஸ் தண்ணீரை ஊற்றினால் நேரே கீழே போகும். ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், துணித் துண்டுகள் கழன்றாலும் வெளியே வராது. சிவப்போ நீலமோ என்றால், முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒரு இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் வந்தால் தனியாகத்தான் போட வேண்டும். ஒரே மிதியைத் தனியே போட்டாலும் தொட்டி ஒரு பக்கம் கனத்து ஆடும், எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு பழைய துவாய்களைப் போட்டுச் சமப்படுத்துங்கள். 7 கிலோ என்பது காய்ந்த துணியின் கணக்கு. இந்த மிதிகள் தண்ணீரை நிறையக் குடிக்கும், ஒரு தடவைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

பெரிய கார்ப்பட், கம்பளி, சணல் எதுவும் வீட்டு மெஷினில் போடக் கூடாது. பன்பாயை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

உங்கள் பாத்ரூம் மிதி நகச் சோதனையில் தோற்றுப் புதிது வாங்கப் போனால், கடையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். மிதியைத் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நூலுக்கிடையில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, அடியில் றப்பர் பொட்டுப் பொட்டாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் றப்பரே இல்லாத, துவாய் மாதிரித் தடித்த பருத்தி மிதியாக இரண்டு எடுங்கள். அதைச் சுடுதண்ணீரில்கூடப் போடலாம், ஸ்பின்னிலும் போடலாம், மாரியிலும் ஃபேனுக்குக் கீழே ஒரே இரவில் காயும். தரை வழுக்காத சொரசொரப்பான ஓடு என்றால் மட்டும் இதை எடுங்கள், வழுக்குகிற ஓடு என்றால் பொட்டு றப்பர்தான். ஒன்று தரையில் இருக்கும்போது மற்றது கொடியில் இருக்கட்டும்.